காய்ச்சல் விட்டும் பசி வரவில்லையா? பால் டம்ளரை எண்ணிப் பாருங்கள்

"டாக்டர், என் மகளுக்கு மூன்று வயது. போன வாரம் நாலு நாள் காய்ச்சல், 102 வரை போனது. ரத்தம் பார்த்து டெங்கு இல்லை, வைரஸ் காய்ச்சல்தான் என்றார்கள். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது, நன்றாக விளையாடுகிறாள், ஆனால் சாப்பாடு ஒரு வாய் இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே ஓடுகிறாள், ஊட்டினால் குமட்டுகிறாள். 12.4 கிலோ இருந்தவள் 11.7 ஆகிவிட்டாள். தெம்புக்காக நாலு வேளை பால், நடுவில் இரண்டு தடவை குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு வேளை கஞ்சி கொடுக்கிறேன். முட்டை, தயிர், வாழைப்பழம், நெய் எதுவும் இப்போது ஆகாது என்கிறார் மாமியார். மூன்று நாளாக வெளிக்கும் போகவில்லை. மெடிக்கலில் பசி டானிக் வாங்கித் தரலாமா?"
— ஒரு அம்மா, தேனி

டானிக் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவோம்.

உங்கள் வீட்டு டம்ளர் 200 மி.லி. பிடிக்கும், ஒவ்வொரு டம்ளர் பாலுக்கும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அதுதான் வழக்கம். நாலு டம்ளர் என்றால் 800 மி.லி. பால், அதில் ஐநூறு கலோரிக்குக் கொஞ்சம் மேலே. சர்க்கரையில் நூற்றறுபது. குளுக்கோஸ் தண்ணீர் இரண்டு தடவையில் ஒரு நூறு, இரண்டு கிண்ணம் நீர்க்கஞ்சியில் இன்னொரு நூறு. கூட்டினால் எண்ணூறைத் தாண்டிவிடுகிறது. இந்த வயதில், இந்த எடையில் ஒரு குழந்தைக்கு நாள் முழுக்க வேண்டியதே ஏறத்தாழ ஆயிரம், ஆயிரத்து நூறு கலோரிதான். ஆக "ஒன்றுமே சாப்பிடவில்லை" என்று நீங்கள் கவலைப்படும் குழந்தை, முக்கால் வயிற்றுக்கு மேல் டம்ளரிலேயே குடித்து முடித்துவிட்டுத்தான் உங்கள் தட்டைப் பார்க்கிறாள். அவளுக்கு ஏன் பசிக்க வேண்டும்?

இதில் உங்கள் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் அடித்த நாலு நாளும் நீங்கள் செய்தது சரிதான். அப்போது குழந்தைக்குப் பசி போவது இயற்கை. கிருமியை எதிர்க்கும்போது உடம்பு சுரக்கும் சில ரசாயனங்கள் மூளைக்குப் போய் பசியை அடக்கிவிடுகின்றன, குடல் அசைவும் மந்தமாகிறது, நாக்கில் ருசி மாறிப்போகிறது. அந்த நேரத்தில் திட உணவை விட நீர்தான் முக்கியம். ஜுரம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் நீர்த் தேவை பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். 102 ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய இரண்டு டிகிரி செல்சியஸ் ஏற்றம், அதனால் வழக்கத்தை விடக் கால் பங்கு கூடுதலாகவே தண்ணீர் போயிருக்க வேண்டும். பால், கஞ்சி, இளநீர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுத்தது நல்லது. சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் நின்று மூன்று நாளாகியும் அதே காய்ச்சல் கால மெனு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பசி திரும்பி வருவதற்குள் பால் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தையின் இரைப்பை ஒரு தடவைக்குக் கொள்ளும் அளவு, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. என்று வைப்போம். உங்கள் மகளுக்கு அது 350 மி.லி. வரும். ஒரு டம்ளர் பால் குடித்தாலே பாதிக்கு மேல் நிரம்பிவிடும். பத்தரைக்குப் பால், பதினொன்றரைக்குக் குளுக்கோஸ், பன்னிரண்டரைக்குச் சாதம் என்றால், சாதத்துக்கு அங்கே இடமே கிடையாது. அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஊட்டினால் குமட்டத்தான் செய்யும். நாலு தடவை குமட்டினால் தட்டு என்றாலே பயம் வரும். பிறகு பசி இருந்தாலும் ஓடுவாள்.

தண்ணீர் போதுமா என்ற பயம் வேண்டாம். காய்ச்சல் இல்லாத நாளில் 12 கிலோ குழந்தைக்குத் தேவை சுமார் 1,100 மி.லி., முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு நூறு, அதற்கு மேல் உள்ள கிலோவுக்கு ஐம்பது என்று நாங்கள் போடும் கணக்கு இது. பால், ரசம், மோர், கஞ்சி எல்லாம் இதற்குள் அடக்கம், வெறும் தண்ணீர் மட்டும் அல்ல. இப்போது நீங்கள் கொடுப்பதைக் கூட்டினால் 1,400 மி.லி. பக்கம் வருகிறது. அதனால் மி.லி. எண்ணுவதை விட்டுவிட்டு மூத்திரத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது போக வேண்டும், நிறம் எலுமிச்சைச் சாற்றில் நிறையத் தண்ணீர் விட்ட மாதிரி வெளிறி இருக்க வேண்டும். அடர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை. எட்டு மணி நேரம் மூத்திரமே போகவில்லை, நாக்கு ஒட்டுகிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் வீட்டு வைத்தியம் போதாது, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குளுக்கோஸ் பொடியை இன்றோடு எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். அது சர்க்கரைதான், வேறொன்றும் இல்லை. டப்பாவில் எலுமிச்சைப் படமும் ஆரஞ்சுப் படமும் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது சர்க்கரை. பசியைக் கெடுக்கும், கொஞ்சம் அதிகமானால் வயிற்றுப்போக்கைக் கூட்டவும் செய்யும். வாந்தியோ பேதியோ இருந்தால் தேவைப்படுவது ஓ.ஆர்.எஸ். பவுடர். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி செய்த பாக்கெட்டா என்று பார்த்து வாங்கி, பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், சின்னது என்றால் 200 மி.லி. தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கரைக்க வேண்டும், பாதிப் பாக்கெட்டை அரை டம்ளரில் போடுகிற வேலையெல்லாம் கூடாது, உப்பு அளவு தாறுமாறாகிவிடும். டெட்ரா பாக்கெட்டில் ருசியாக வரும் பானங்கள் பலவும் அந்தக் கலவை அல்ல. உங்கள் மகளுக்கு வாந்தியும் இல்லை, பேதியும் இல்லை, அதனால் அவளுக்கு ஓ.ஆர்.எஸ். கூட இப்போது தேவையில்லை. சாதாரணத் தண்ணீர், தெளிவு ரசம், நீர்மோர், பிடித்தால் இளநீர், இவ்வளவு போதும்.

சரி, கஞ்சிக்கு வருவோம். "கஞ்சிதானே கொடுக்கிறேன், லைட்டான சாப்பாடு" என்று சொல்லும் அம்மாக்களிடம் நான் ஒன்று கேட்பேன்: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் எப்படி விழுகிறது? சரசரவென ஓடினால் அது குடிக்கிற பானம். தொப் தொப் என்று விழுந்தால்தான் சாப்பாடு. ஒரு மேசைக்கரண்டி நொய்யை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் கிடைப்பது ஐம்பது கலோரி. அதே கிண்ணத்தில், அதே அளவில், அதைப் போல நாலு மடங்கு வைக்க முடியும். எப்படி என்று சொல்கிறேன், இது ஒன்றுதான் நான் தரும் சமையல் குறிப்பு.

பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி. பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், சிவக்க விட வேண்டாம். இரண்டையும் கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை சீரகம், சிட்டிகை மஞ்சள்தூள், கொஞ்சம் உப்பு போட்டு, குக்கருக்குள் சின்னப் பாத்திரத்தில் வைத்து ஐந்தாறு விசில் விடுங்கள். திறந்ததும் சூட்டோடு மத்தால் மசித்துவிட்டு, ஒரு டீஸ்பூன் நெய் ஊற்றிக் கிளறுங்கள். ஆறினால் இறுகும், அப்போது வெந்நீரோ தெளிவு ரசமோ கொஞ்சம் விட்டு இளக்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு கிண்ணம் வரும், கிட்டத்தட்ட இருநூறு கலோரி, பருப்பு இருப்பதால் புரதமும் உண்டு. அவள் அதில் பாதி சாப்பிட்டால்கூட இரண்டு கிண்ணம் நீர்க்கஞ்சிக்குச் சமம். லைட்டான சாப்பாடு என்றால் குழைவாக, காரமில்லாமல், எண்ணெயில் பொரிக்காமல் இருப்பது என்று அர்த்தம். சத்தில் லைட் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் எடை போகிறது.

இப்போது உங்கள் மாமியாரின் பத்தியம். அவர் சொல்வதில் பாதி சரி என்று அவரிடமே சொல்லுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம். குழைந்த சாதம், ரசம், இட்லி, இடியாப்பம், சீரகத் தண்ணீர், பொரித்ததும் காரமும் கூடாது என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பத்தியத்தில் உள்ள நல்ல விஷயங்கள், நானும் அதைத்தான் எழுதித் தருகிறேன். "லங்கணம் பரம ஔஷதம்", அதாவது பட்டினியே பெரிய மருந்து என்பது பெரியவர்களுக்கு வேண்டுமானால் ஒரு வேளைக்குப் பொருந்தும். மூன்று வயதுக் குழந்தையின் ஈரலில் சேமிப்பு கொஞ்சம்தான், அது தீர்ந்ததும் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கும், அந்த 700 கிராமில் ஒரு பங்கு அப்படிப் போனதுதான் (மீதி நீர் வற்றியது, அது சீக்கிரம் திரும்பிவிடும்).

நெய் ஆகாது என்பதற்குக் காரணம் செரிக்காது என்ற பயம். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் நெய் தாராளமாகச் செரிக்கும். வயிற்றை அடைக்காமல் கலோரி ஏற்ற அதைவிட எளிய வழி கிடையாது, ஒரு டீஸ்பூனில் நாற்பது கலோரி. தயிர் சளி பிடிக்கும் என்பார்கள். சளி பிடிக்க வைப்பது வைரஸ், தயிர் அல்ல. பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கொடுக்காமல், வெளியே வைத்துக் குளிர்ச்சி போனதும் சாதத்தில் பிசைந்து கொடுங்கள், மாமியாரும் சமாதானமாவார். வாழைப்பழத்துக்கும் அதே பதில்தான், அதோடு அவள் மூன்று நாளாக வெளிக்குப் போகாததற்கு அது மருந்து மாதிரி. வெளிக்குப் போகாமல் வயிறு கட்டியிருந்தால் அதுவே பசியை மந்தமாக்கும், பாலும் கஞ்சியும் மட்டுமே குடித்தால் மலம் கட்டத்தான் செய்யும். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் அல்லது பப்பாளி, இரவே பத்து உலர் திராட்சையை ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரோடு மசித்தது, இதில் எது பிடிக்கிறதோ அது. முழுத் திராட்சையாகக் கொடுக்காதீர்கள், இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். இன்னும் இரண்டு நாளில் போகவில்லை, முக்கி அழுகிறாள் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், எனிமாவை நீங்களாக வாங்கி வைக்காதீர்கள்.

முட்டையை மட்டும் இரண்டு நாள் கழித்துத் தொடங்கலாம், அதுவும் ஆகாது என்பதற்காக அல்ல, ருசி திரும்பாத நாக்குக்கு முட்டை வாசம் பலருக்குக் குமட்டும் என்பதற்காக. முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள்தானே? அப்படியானால் கொஞ்சம் நெய்யில், வெங்காயம் மிளகாய் இல்லாமல், முழுதாக வெந்த பொடிமாஸாக, மிளகு ஒரு துளி தூவி, பாதி முட்டையில் தொடங்குங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் தெம்பு வரும் என்று யாராவது சொல்வார்கள். கொடுங்கள், ருசியாக இருக்கும், ஆனால் அதை நீர் கணக்கில் சேருங்கள், சாப்பாட்டுக் கணக்கில் அல்ல. சத்து அடியில் கிடக்கும் கறியில்தான் இருக்கிறது, அதை நாம் அப்பாவுக்கு வைத்துவிடுகிறோம்.

நாளைக் காலையிலிருந்து எப்படிக் கொண்டுபோவது என்று அவளுடைய ஒரு நாளை வைத்தே சொல்கிறேன். ஏழு மணிக்கு எழுகிறாள் என்றால் நாலு வாய் தண்ணீர், பால் இல்லை. அழுவாள், முதல் நாள் அழத்தான் செய்வாள். எட்டு மணிக்குள் ஒரு இட்லி, நெய் தடவி, கொஞ்சம் சர்க்கரை தூவினாலும் பரவாயில்லை, பாதி தின்றாலும் சரி. பத்தரைக்கு அரை வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர். பன்னிரண்டரைக்கு நான் சொன்ன பருப்புச் சாதம், ஐந்து ஸ்பூன் இறங்கினால் முதல் நாளுக்கு அது வெற்றி. தூங்கி எழுந்ததும் மூன்றரை, நாலுக்கு 150 மி.லி. பால். ஆறு மணிக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசித்தது, அல்லது ஒரு இடியாப்பத்தில் கொஞ்சம் தேங்காய்ப்பால். எட்டு மணிக்குத் தயிர்ச் சாதம் அல்லது ரசச் சாதம். படுப்பதற்கு முன் இன்னொரு 150 மி.லி. பால், சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும், குடித்ததும் வாயைக் கொப்பளித்துப் பல் துலக்கிவிடுங்கள்.

பால் 800 மி.லி.யிலிருந்து 300க்கு இறங்குகிறது, அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை. இதுதான் மொத்த வைத்தியமும். ஒவ்வொரு வேளைக்கும் நடுவில் இரண்டு இரண்டரை மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. பிஸ்கட்டும் கூடாது. "பாவம், ஒரு பிஸ்கட்டாவது தின்னட்டும்" என்று அந்த இடைவெளியில்தான் தாத்தா கொண்டுவந்து நீட்டுவார், அவரிடமும் சொல்லி வையுங்கள்.

ஊட்டும் விதம் பற்றி ஒரு வார்த்தை. என் பையனுக்கு இரண்டரை வயதில் இப்படித்தான் காய்ச்சல் வந்து போனது. குழந்தை மருத்துவரான நானே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கும் படிக்கட்டுக்கும் துரத்தியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் ஏழு ஸ்பூன், அதில் நாலு சட்டையில். கடைசியில் என் அம்மாதான் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, தானும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு அவனைக் கவனிக்காமல் சாப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது நிமிடம் அவன் வந்து அம்மாவின் தட்டில் கை வைத்தான். அதிலிருந்து நான் இதைத்தான் சொல்கிறேன்: நீங்களும் அவளும் சேர்ந்து உட்காருங்கள், அவள் தட்டில் இரண்டு ஸ்பூன் மட்டும் வையுங்கள், கையால் பிசையட்டும், சிந்தட்டும். இருபது நிமிடம். போதும் என்று முகத்தைத் திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள், முணுமுணுப்போ கெஞ்சலோ வேண்டாம். அந்த வேளை சாப்பிடவில்லையே என்று பத்து நிமிடத்தில் பால் ஆற்றிக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த வேளை வரும்வரை பொறுங்கள், தண்ணீர் கேட்டால் கொடுங்கள். இன்னொன்று, மருந்து பாக்கி இருந்தால் அதைச் சாதத்திலோ பாலிலோ கலக்காதீர்கள். கசப்பு ஒரு தடவை தட்டுப்பட்டால், அப்புறம் அந்த ரசச் சாதத்தையே பத்து நாள் தொடமாட்டாள்.

பசி ஒரே நாளில் வராது. முதல் இரண்டு நாள் முன்பு தின்றதில் கால் பங்கு, பிறகு பாதி. நாலாம் ஐந்தாம் நாள் வாக்கில் திடீரென்று ஒரு வேளை நன்றாகத் தின்பாள், அடுத்த வேளை மறுபடி ஓடுவாள், அந்த ஏற்ற இறக்கம் சகஜம். ஒரு வாரம் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வரும் கட்டத்தைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். விட்டுப்போன எடையைப் பிடிக்க உடம்பே கூடுதலாகக் கேட்கும், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சாப்பிட்டவள் மறுபடி தோசை கேட்பாள். அப்போது "வயிறு கெட்டுவிடும்" என்று தடுக்காதீர்கள். நோய் விட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு வழக்கத்தை விட ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது குழந்தை நலத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி, இந்தப் பசி அதற்குத் தோதாகவே வருகிறது. மாலை ஆறு மணி வேளையை அந்தக் கூடுதல் வேளையாக வைத்துக்கொள்ளுங்கள்: நெய் விட்ட கேழ்வரகுக் கூழ் கெட்டியாக, எள்ளுருண்டை பொடித்தது, முட்டை, மீன் கிடைத்தால் முள் எடுத்த மீன். எடையைத் தினமும் பார்க்க வேண்டாம், வாரம் ஒரு முறை, அதே மெஷினில், அதே மாதிரி உடையில். மெஷின் மாறினாலே 200, 300 கிராம் வித்தியாசம் காட்டும், அதைப் பார்த்து இரண்டு அம்மாக்கள் என் அறையில் அழுதிருக்கிறார்கள்.

பசி டானிக் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மெடிக்கலில் கொடுப்பது பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின் இருக்கும் சிரப். அது அலர்ஜிக்கான பழைய மருந்து, பசி கூடுவது அதன் பக்கவிளைவு, தூக்கமும் கூடவே வரும். காய்ச்சலில் படுத்து எழுந்த குழந்தை அசந்து கிடந்தால், அது மருந்தாலா, நோய் திரும்பியதாலா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிறுத்தினால் பசி பழையபடி ஆகிவிடும். உங்கள் மகளுக்கு அது தேவைப்படும் காரணம் எதுவும் இல்லை. இரும்புச்சத்து டானிக்கும் இப்போது வேண்டாம், வயிற்றைப் பிரட்டும், மலத்தை இன்னும் கட்டும். வெளிறிப்போயிருக்கிறாள் என்று தோன்றினால் மூன்று நாலு வாரம் கழித்து ரத்தம் பார்த்து முடிவு செய்யலாம். இவ்வளவு பால் குடிக்கிற பழக்கம் காய்ச்சலுக்கு முன்பே இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட கிடையாது, நாள் முழுக்கப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ரத்தசோகை வருவதை வாரத்துக்கு இரண்டு மூன்று பேரிடமாவது பார்க்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் சாப்பிடவில்லை என்றால் முதலில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அண்ணத்தின் பின்புறம் சின்னச் சின்னப் புண் இருக்கலாம், சில வைரஸ் காய்ச்சல்களில் அது வரும், உள்ளங்கையிலும் பாதத்திலும் சேர்ந்து கொப்புளமும் வரும். அப்படி இருந்தால் அவள் பசியில்லாமல் ஓடவில்லை, வலிக்கு ஓடுகிறாள். ரசம், தக்காளி, புளி, சூடு எல்லாம் எரியும். அப்போது ஆறிய தயிர்ச் சாதம், ஆறிய ஜவ்வரிசிப் பாயசம், இளநீர் வழுக்கை, ஏன், கொஞ்சம் ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம். புண் ஆற ஒரு வாரம் ஆகும், அதுவரை பால் கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை.

மற்ற வாசகர்களும் படிப்பதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். காய்ச்சல் விட்டால் குழந்தை தெளிய வேண்டும், சாப்பிடாவிட்டாலும் விளையாட வேண்டும். உங்கள் மகள் விளையாடுகிறாள், அதனால்தான் நான் இவ்வளவு நிதானமாகப் பாலைப் பற்றியும் இட்லியைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். டெங்குவில் நேர்மாறாக நடக்கும். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். ஜுரம் இல்லை, ஆனால் குழந்தை துவண்டு கிடக்கிறது, வயிறு வலிக்கிறது என்று அழுகிறது, வாந்தி நிற்கவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது, மூத்திரம் குறைகிறது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிகிறது, இதில் ஒன்று இருந்தாலும் "காய்ச்சல் விட்டுவிட்டதே, பசி வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள், அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்திருந்தாலும் போங்கள்.

உங்களுக்கு நான் வைக்கும் கெடு இது: காய்ச்சல் திரும்பினால் அன்றே காட்டுங்கள், பெண் குழந்தை என்பதால் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பால் குறைத்துப் பத்து நாள் கழித்தும் பாதிச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை, அல்லது மூன்று வாரத்தில் எடை 12.2 பக்கம் வரவில்லை என்றால் நேரில் கூட்டிவாருங்கள், அல்லது உங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டுங்கள். வரும்போது மூன்று நாளைக்கு அவள் வாயில் போன அத்தனையையும், டம்ளர், பிஸ்கட், தாத்தா கொடுத்த மிட்டாய் உட்பட, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.